கர்ப்ப காலத்தில் விடாத இருமல், தொண்டை வலி, மூக்கடைப்பு: கொப்பளிப்பு, ஆவி, சிரப் எதில் பயமில்லை?

ஆறாம் மாதம் நடக்கிறது. ஐந்து வாரமாக வறட்டு இருமல். மூன்று சிரப் மாற்றியும் நிற்கவில்லை. பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடுகிறது. வேறு என்னதான் குடிப்பது?

நான்காவது சிரப் வேண்டாம். இருமல் எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பார்ப்போம். மூன்று சிரப்புக்கும் அடங்கவில்லை என்றால், அது சிரப் எட்டாத இடத்திலிருந்து வருகிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

படுத்ததும் கூடும் இருமலுக்குக் கர்ப்பிணிகளிடம் வழக்கமாக இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, மூக்கின் பின்புறமாகத் தொண்டைக்குள் ஒழுகும் சளி. இது இருந்தால் நாள் முழுக்கத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பீர்கள், காலையில் எழுந்ததும் கட்டியாகக் கொஞ்சம் துப்புவீர்கள், ஒரு பக்க மூக்காவது அடைத்திருக்கும். மற்றொன்று, வயிற்று அமிலம் மேலே ஏறுவது. புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையைத் தளர்த்திவிடுகிறது. போதாததற்கு வளரும் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், எழுந்ததும் குரல் கரகரப்பு, தாமதமாகச் சாப்பிட்ட அன்று இருமல் அதிகம் என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு நெஞ்செரிச்சல் துளியும் இல்லாமல் இருமல் மட்டுமே இருக்கும். அதனால் எரிச்சல் இல்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது.

உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் சொல்வது இதுதான். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவர் என்றால், சாப்பாட்டை ஏழு, ஏழரைக்குக் கொண்டுவர வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குக் கெட்டியான மரக்கட்டையை வைத்து மொத்தக் கட்டிலையும் சரிவாக்குங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு நசுங்கி அமிலம் இன்னும் ஏறும். இடப்பக்கம் சரிந்து படுங்கள். படுக்கும் முன் மூக்கை உப்பு நீரால் கழுவுங்கள், முறை கீழே இருக்கிறது. அமிலத்துக்கு கால்சியம் கார்பனேட் அல்லது ஆல்ஜினேட் கலந்த மருந்தைக் கர்ப்பத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதை இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் இரும்பு உடலில் சேராது. இப்படி இரண்டு வாரம் செய்தால் பலருக்கு ராத்திரி இருமல் குறையும். குறையாவிட்டால் மருத்துவர் அடுத்த கட்ட மாத்திரையையோ மூச்சுக்குழாய்ப் பரிசோதனையையோ யோசிப்பார். ராத்திரியில் விசில் போன்ற இழுப்பும் இருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம், அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

ஆனால் இதையெல்லாம் தொடங்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் நாட்டில் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. கர்ப்பிணிக்கும் அதேதான். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காசநோயா? எனக்குக் காய்ச்சலே இல்லையே. சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் குழந்தைக்கு ஆகுமா?

கர்ப்பத்தில் காசநோய் சத்தமில்லாமல் இருக்கும். களைப்பு, பசியின்மை, எடை ஏறாமை எல்லாவற்றையும் ‘மசக்கை’ என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அதனால்தான் காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது. சாயங்காலம் லேசாக உடம்பு சுடுவது, ராத்திரி வியர்ப்பது, மாதாமாதம் ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்பது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்று எதுவாக இருந்தாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

சளிப் பரிசோதனையால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகச் செய்கிறார்கள். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுங்கள், எச்சில் பயன்படாது. மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே கேட்டால் அதற்கும் மறுக்க வேண்டாம். கதிர் போவது நெஞ்சுக்கு, குழந்தை இருப்பது வயிற்றில். குழந்தையை எட்டும் கதிரின் அளவு மிக மிகச் சொற்பம். எக்ஸ்ரே எடுக்கும் ஊழியரிடம் கர்ப்பம் என்று சொல்லுங்கள், வயிற்றை மறைக்கும் கவசத்தைப் போடுவார். நோய் உறுதியானாலும் முதல் வரிசை மருந்துகளைக் கர்ப்பத்திலேயே கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். வைத்தியம் பார்க்காத காசநோய்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சளி இல்லை, தும்மல் இல்லை, காய்ச்சலும் இல்லை. மூக்கு மட்டும் நாலு மாசமா அடைச்சே கிடக்கு. இது சைனஸா?

பெரும்பாலும் இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் மூக்கு அடைத்திருந்து, தொற்றோ ஒவ்வாமையோ வேறு எதுவும் தென்படாவிட்டால் அதைக் கர்ப்பகால மூக்கழற்சி என்கிறோம். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. மூக்கின் உள்தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் ஹார்மோன்களால் விரிந்து, அந்தத் தோலே தடித்து வழியை அடைத்துவிடுகிறது. சிந்திச் சிந்திப் பார்த்தாலும் சளி வராதது இதனால்தான், உள்ளே அடைத்திருப்பது சளியே இல்லை. பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும்.

இதில் பலரும் ஒரு வலையில் விழுகிறார்கள். மருந்துக் கடையில் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு சொட்டில் மூக்கு திறக்கும், சுகமாக இருக்கும். நான்கைந்து நாளில் மருந்து இறங்கியதும் முன்பைவிட மோசமாக அடைக்கும், உடனே மறுபடி சொட்டு. இப்படியே பிரசவம் வரை பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு. பிள்ளை பெற்ற பிறகும் அவர்களுக்கு அடைப்பு தீராது, ஏனென்றால் அப்போது அடைப்புக்குக் காரணம் அந்தச் சொட்டு மருந்தே. மருத்துவர் சொன்னால் மூன்று நாள் மட்டும் போடலாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வாமை சேர்ந்திருந்தால், அதாவது தும்மலும் மூக்கு அரிப்பும் கண் நீரும் இருந்தால், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் ஒவ்வாமை இல்லாத வெறும் கர்ப்பகால அடைப்புக்கு அந்த ஸ்பிரேயால் பெரிய பலன் கிடைப்பதில்லை. தலைமாட்டை உயர்த்துவதும் உப்பு நீரால் கழுவுவதும்தான் அதற்குக் கைகொடுக்கும்.

உப்புத் தண்ணியை மூக்குல ஊத்துறதா? மூளைக்கு ஏறிடாதா? எப்படிச் செய்யணும்?

மூளைக்கு வழி அங்கே திறந்து கிடக்கவில்லை. ஒரு மூக்குத் துளையில் விட்ட நீர், பின்பக்கமாகச் சுற்றி மறு துளை வழியே வெளியே வந்துவிடும். உடலில் சேராததால் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும், ரத்த அழுத்தம் இருந்தாலும் செய்யலாம். மூக்குப் பிரச்சினைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், மருந்தே இல்லாத மருந்து.

ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். அதில் மட்டமாக ஒன்றரை தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலக்குங்கள். அயோடின் சேர்க்காத, சுத்தமான தூள் உப்பாக இருந்தால் எரியாது. மருந்துக் கடையில் அளந்து கட்டிய உப்புப் பொட்டலமும் கிடைக்கும். கழுவுவதற்கென்றே விற்கும் பாட்டிலையோ, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லிக்கொண்டே மேல்பக்கத் துளையில் மெதுவாக விடுங்கள். மூச்சு வாய் வழியே போகட்டும், உறிஞ்சக் கூடாது. பிறகு மென்மையாகச் சிந்துங்கள். இரண்டு துளையையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பலமாகச் சிந்தினால் நீர் காதுப் பக்கம் போய் வலிக்கும். எரிந்தால் உப்பு அதிகம் அல்லது குறைவு, வெறும் தண்ணீரும் எரியத்தான் செய்யும். முற்றிலும் அடைத்துத் தண்ணீர் ஏறவே மறுத்தால் பலவந்தம் வேண்டாம், ஆவி பிடித்துவிட்டு முயலுங்கள்.

கொதிக்க வைப்பதை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரிலும் கிணற்று நீரிலும் குளத்திலும் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா, மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கும். அரிதானது, ஆனால் உயிரைப் பறிப்பது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இந்த மூளைக் காய்ச்சல் பலரைப் பாதித்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டு ஃபில்டர் தண்ணீரையும் கொதிக்க வைத்தே பயன்படுத்துங்கள். மீதியை மறுநாளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள், பாட்டிலைக் கழுவிக் காய வையுங்கள்.

ஆவி பிடிச்சா குழந்தைக்குச் சூடு ஏறுமா? நொச்சி இலை, தைலம் போடலாமா?

ஐந்து, பத்து நிமிடம் முகத்தில் படும் ஆவி உடலின் உள்வெப்பத்தை உயர்த்தாது, குழந்தைக்குச் சூடு போகாது. கவலைப்பட வேண்டியது வெந்நீர்த் தொட்டியிலோ நீராவி அறையிலோ வெகு நேரம் இருப்பதைப் பற்றித்தான், அதுவும் முதல் மூன்று மாதத்தில்.

ஆவியின் உண்மையான ஆபத்து தண்ணீர் கொட்டுவது. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிவதும், தரையில் பாத்திரத்தை வைத்து வயிற்றை மடித்து உட்காருவதும், மடியில் வைத்துக்கொள்வதும் வேண்டவே வேண்டாம். வயிறு பெரிதானவருக்குக் குனிந்தபடி இருந்தால் தலை சுற்றும், சுற்றினால் கொதிநீர் தொடையிலும் வயிற்றிலும்தான் விழும். அகலமான பாத்திரத்தில் பாதியளவு வெந்நீர் ஊற்றி, அசையாத மேசையில் வையுங்கள். நிமிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஓர் அடி தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மின்சார ஆவிக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. வியர்த்துக் கொட்டினாலோ படபடத்தாலோ போதும், எழாமல் அப்படியே பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரே போதும். இளக்கும் வேலையைச் செய்வது ஈரமான வெப்பம்தான். தைலத்தில் உள்ள மென்தால் மூக்கின் குளிர்ச்சி உணர் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்ததுபோல் தோன்றும், வழி அவ்வளவாகத் திறந்திருக்காது. கற்பூரம் கலந்த தைலத்தைக் கொதிநீரில் போட்டால் அந்த ஆவி கண்ணை எரிக்கும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பைக் கிளப்பும். நெஞ்சிலோ கழுத்திலோ ஒரு பட்டாணியளவு எப்போதாவது தடவினால் கெடுதல் இல்லை. மூக்குத் துளைக்குள் தடவ வேண்டாம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வாய்க்குள் போகவே கூடாதவை. கற்பூரம் வலிப்பை உண்டாக்கும், நஞ்சுக்கொடியையும் கடந்துவிடும். வெற்றிலையில் பச்சைக் கற்பூரம் வைத்து மெல்லும் வழக்கமும் இந்த மாதங்களில் வேண்டாம்.

நொச்சி இலையை நீரில் போட்டு ஆவி பிடிப்பது நம் வீடுகளில் தலைமுறையாக இருப்பது. இரண்டு கொத்து இலையின் ஆவியால் கெடுதி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். மணம் குமட்டினால் விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வேண்டாம்.

தொண்டை வலிக்கு பீட்டாடின் கொப்பளிச்சேன். இப்பதான் ஒருத்தர் கர்ப்பத்துல கூடாதுன்னாங்க. பயமா இருக்கு.

ஓரிரு நாள் கொப்பளித்துத் துப்பியதற்காகப் பயப்பட வேண்டாம். இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீட்டாடினில் இருக்கும் மருந்து போவிடோன் அயோடின். அதில் உள்ள அயோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் சேரும், கொஞ்சம் விழுங்கவும் நேரும். குழந்தையின் தைராய்டு சுரப்பி சுமார் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து அயோடினை எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. நாள்கணக்கில் அதிக அயோடின் போனால் அந்தப் பிஞ்சுச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். உங்களுக்கே தைராய்டு கோளாறு இருந்தால் இது இரட்டைக் கவலை.

அதற்குப் பதிலாக, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு வாய் எடுத்துத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள், டம்ளர் தீரும்வரை. ஒரு நாளில் நான்கு முறை செய்யலாம். கர்ப்பத்தில் தொண்டையின் பின்பக்கம் தொட்டாலே குமட்டும் சிலருக்கு, அவர்கள் தலையை அதிகம் சாய்க்காமல் வாயிலேயே சுழற்றினால் போதும். பென்சிடமின் கலந்த கொப்பளிப்பு மருந்து வலி மாத்திரை இனத்தைச் சேர்ந்தது, கடைசி மூன்று மாதங்களில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் ஈறுக்கு நல்லது, கர்ப்பத்தில் போடலாம், ஆனால் தொண்டை வலிக்கு அது பெரிதாக உதவாது.

இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்த தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ், ஒரு வாரத்தில் போய்விடும். இருமலே இல்லாமல், திடீரென்று காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும் வந்து, டான்சிலில் வெள்ளைத் திட்டும் கழுத்தில் வலிக்கும் கட்டியும் இருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குப் பெனிசிலின், அமாக்ஸிசிலின் இரண்டும் கர்ப்பத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துப் பழகியவை. அங்கே கொப்பளிப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மெடிக்கல்ல ‘கர்ப்பிணிக்கு’ன்னு சொல்லித்தான் சிரப் வாங்கினார் என் வீட்டுக்காரர். அதை நம்பிக் குடிக்கலாமா?

பாட்டிலின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். நம் ஊர் இருமல் சிரப்புகளில் முக்கால்வாசி மூன்று, நான்கு மருந்துகளின் கலவை. ஒன்று சரியாக இருந்தாலும் மற்றொன்று உங்களுக்கு ஆகாததாக இருக்கும்.

மிக அதிகமாக விற்கும் கலவை ஒன்றைப் பார்ப்போம். டெர்பியூட்டலின், புரோம்ஹெக்சின், குவாய்ஃபெனசின், மென்தால். டெர்பியூட்டலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. இழுப்பு இல்லாதவருக்கு அதனால் இருமல் குறையாது, ஆனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ரத்தச் சர்க்கரை ஏறும். கர்ப்பத்தில் ஏற்கெனவே வேகமாக ஓடும் இதயத்தை இன்னும் விரட்டுவானேன்? மற்ற இரண்டும் சளியை இளக்குபவை. முதல் மூன்று மாதத்தில் அவற்றையும் அம்ப்ராக்சாலையும் தவிர்ப்பது வழக்கம், பிறகும் மருத்துவர் சொன்னால்தான். சளியை இளக்க வெந்நீரே போதுமானது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால், புடசோனைடு இன்ஹேலர்கள் வேறு கதை. அவற்றின் அளவு சிறியது, நேரே நுரையீரலுக்குப் போகிறது. கர்ப்பம் என்று அவற்றை நிறுத்தினால்தான் ஆபத்து.

ராத்திரி தூங்கவிடாத வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ள, ஆல்கஹால் சேராத சிரப்பை மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள் குடிக்கலாம், கர்ப்பத்தில் பரவலாகக் கொடுக்கப்படுவதுதான். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டும் சேரக் கூடாது. மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் ஆகியவற்றைத் தரலாம், தூக்கம் வரும்.

வேண்டாதவற்றில் முதலில் கோடீன். பிரசவம் நெருங்கும்போது அதைக் குடித்தால் பிறந்த குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம். அடுத்து ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின். மூக்கடைப்பு மாத்திரைகளில் இவை ஒளிந்திருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியம் அயோடைடு கலந்த பழைய பாணி சளி மருந்துகள் பீட்டாடினில் சொன்ன அதே காரணத்துக்காக வேண்டாம். சளி மாத்திரைகளுக்குள் பாராசிட்டமாலும் இருக்கும். காய்ச்சலுக்கு 650 போட்டுவிட்டு, சளிக்கு என்று 500 கலந்த மாத்திரையையும் விழுங்கினால் ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. பில் இல்லாமலும், லேபிள் கிழிந்தும், பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தும் வரும் சிரப்பை வாங்கவே வாங்காதீர்கள். பேட்ச் எண் உள்ள பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகளுக்கு நான் ஆடாதோடைக் கஷாயம் வச்சுத் தரேன். இங்கிலீஷ் மருந்தைவிட அது பயமில்லாதது தானேம்மா?

உங்கள் அக்கறை புரிகிறது அம்மா, ஆனால் இந்த மூலிகையை மட்டும் இப்போது தர வேண்டாம். ஆடாதோடை நல்ல இருமல் மருந்து என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதன் வீரியமான சத்தான வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் உண்டு. கஷாயம், மணப்பாகு, மாத்திரை எந்த வடிவிலும் பிரசவம் வரை தள்ளி வையுங்கள். கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை சேர்கிறது. நிலவேம்பும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. சித்த மருத்துவரிடம் காட்டுவதானால் எத்தனையாவது மாதம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

அதிமதுரம் பலருக்கும் தெரியாமலேயே உள்ளே போகிறது. தொண்டைக்கு என்று குச்சியாகச் சப்புகிறார்கள், மூலிகை சிரப்பிலும் சப்பும் மிட்டாயிலும் இருக்கிறது. அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதிமதுர மிட்டாய் நிறையத் தின்னும் பின்லாந்து நாட்டில், கர்ப்பத்தில் அதை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அழுத்தம் ஏறும் நிலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு இது வேண்டவே வேண்டாம். திப்பிலிச் சூரணமும் கர்ப்பத்தில் வேண்டாம்.

நீங்கள் வைத்துத் தர நிறைய இருக்கிறது. மிளகு ரசம், பூண்டு ரசம், சீரகத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும் போட்ட பால், இரண்டு கற்பூரவல்லி இலையோ நாலு துளசி இலையோ போட்ட வெந்நீர், சமையலில் போடும் அளவு இஞ்சி. சமையலறை அளவு என்பதே அளவு. அதையே சுண்டக் காய்ச்சிக் கஷாயமாகவோ, மஞ்சள் சத்து மாத்திரையாகவோ மாற்றினால் அது மருந்தாகிவிடும், பிறகு நாம் பேசுவது வேறு அளவு. ஒன்று மட்டும், நெஞ்செரிச்சலால் வரும் இருமலுக்கு மிளகும் புளியும் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போல. அவருக்கு ராத்திரியில் ரசம் வேண்டாம், கஞ்சி கொடுங்கள்.

தேன் சாப்பிடலாமா? எனக்கு கர்ப்ப கால சர்க்கரை இருக்கு.

சர்க்கரை இல்லாதவர் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் தாராளமாகச் சாப்பிடலாம், வறட்டு இருமலுக்கு நல்ல பலன் தரும். கைக்குழந்தைக்குத் தேன் கூடாது என்பது குழந்தைக்கான விதி, வயிற்றில் இருப்பதற்கு அது பொருந்தாது. உங்களுக்குத் தேன், பனங்கற்கண்டு, சர்க்கரைப் பாகில் செய்த சிரப் மூன்றும் ஒன்றே. வெந்நீரை வாய் வாயாகக் குடியுங்கள், சிரப் தேவைப்பட்டால் சர்க்கரை சேராததைக் கேளுங்கள்.

நெத்தி கனமா வலிக்குது, சைனஸ்னு நினைச்சு கடையில மாத்திரை போட்டேன். சரிதானே?

எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். ஐந்து மாதம் தாண்டியவருக்குத் தலைவலி என்றால் முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், பிறகுதான் சைனஸ். அன்றே பார்க்க வேண்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மின்மினி பறப்பது போல் தெரிந்தாலோ, மேல் வயிறு வலித்தாலோ, முகமும் கையும் வீங்கினாலோ அது கர்ப்பகால அழுத்த நோயாக இருக்கலாம். ‘சைனஸ் தலைவலி’ என்று இரண்டு நாள் ஆவி பிடித்துக்கொண்டிருந்து வலிப்போடு வந்தவர்கள் உண்டு.

அழுத்தம் சரியாக இருந்தால், வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான் முதல் மருந்து. 500 மி.கி. மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாள்களில் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நிமெசுலைடு எதுவும் வேண்டாம். இருபதாவது வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம், கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக் குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். மருத்துவர் ரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது இந்தக் கணக்கில் வராது.

ஆன்டிபயாட்டிக் எல்லாச் சைனஸுக்கும் தேவையில்லை. பத்து நாள் ஆகியும் துளி குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது ஆறேழு நாளில் திரும்பக் காய்ச்சலோடு ஏறுகிறது, கன்னமும் மேல் பல்லும் ஒரு பக்கமாக வலிக்கிறது என்றால் தேவைப்படலாம். சளி பச்சையாக இருப்பது மட்டும் போதாது. அமாக்ஸிசிலின் தரலாம். வீட்டில் மீந்திருக்கும் டாக்ஸிசைக்ளின், லெவோஃபிளாக்சசின் அட்டைகளைத் தொடாதீர்கள்.

இருமுறப்ப வயிறே அதிருது. குழந்தைக்கு வலிக்குமா? யூரின் வேற கசியுது.

குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது, உங்கள் இருமல் அதைத் தாக்காது. வலிப்பது உங்கள் வயிற்றுத் தசையும் விலாவும்தான். இருமல் வரும்போது தலையணையை வயிற்றோடு அணைத்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கிக்கொண்டு இருமுங்கள். கசிவு குறையும். சிறுநீர் வாடை இல்லாத நீர் விட்டு விட்டு ஒழுகினால் அது பனிக்குட நீராக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வயிறு கல்லாக இறுகி, விட்டு, மறுபடி இறுகினாலும் அப்படியே.

எப்போ இதை இருமல்னு விடக் கூடாது?

பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே காட்டினால், சளியில் ரத்தம் வந்தால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே கிளம்ப வேண்டும். 108-ஐ அழையுங்கள். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் உடம்பு வலியும் திடீரென்று வந்தால் இரண்டு நாளுக்குள் காட்டுங்கள், ஃபுளூ மருந்தான ஒசெல்டமிவிர் சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், கர்ப்பிணிக்கு அதைத் தரலாம். கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தால் சைனஸ் தொற்று பரவுகிறது, அதற்கும் காத்திருக்கக் கூடாது.

இவற்றையெல்லாம்விட எளிதில் தவறிப்போகும் ஒன்று இருக்கிறது. கடைசி மாதங்களில், அல்லது பிரசவம் முடிந்த சில வாரங்களில், மல்லாந்து படுத்தால் இருமல், நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால்தான் ஆறுதல், முன்பு ஏறிய மாடிப்படியை இப்போது ஏற முடியவில்லை என்றால் கோளாறு இதயத்தில் இருக்கலாம். சிறு வயதில் மூட்டு வீக்கக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியது கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிய வருவது நம் நாட்டில் புதிதல்ல. இதயத் தசையே பலவீனமாவதும் இந்தக் காலத்தில் நடக்கும். முதல் கேள்வியில் சொன்ன படுக்கை இருமலுக்கும் இதற்கும் வேறுபாடு மூச்சில் தெரியும். அங்கே இருமி முடித்ததும் மூச்சு சீராகிவிடும், இங்கே இருமல் நின்ற பிறகும் மூச்சு வாங்கும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் ‘இருமலுக்கு மருந்து வேண்டும்’ என்று தொடங்காமல், ‘படுத்தால் மூச்சு முட்டுகிறது, இதயத்தைப் பார்க்க வேண்டுமா?’ என்று தொடங்குங்கள். இதயத்துக்கான ஸ்கேன் எக்கோ, ஒலி அலையால் எடுப்பது. குழந்தைக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை.